மின்னஞ்சலின் முதல் வரியும் கடைசி வரியும்

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளுக்கு மின்னஞ்சல் எழுதிக் கொடுக்கும் பெற்றோரும், வேலைக்கும் படிப்புக்கும் விண்ணப்பிக்கும் நம் பழைய மாணவர்களும் நேரம் கிடைக்கும்போது பொறுமையாக வாசியுங்கள்.

சாதாரண தரம், உயர்தரம் முடித்த பிள்ளைகள் எனக்கு வாட்ஸ்அப்பில் அடிக்கடி அனுப்பும் ஒன்று உண்டு. "டீச்சர், இந்த ஈமெயில் சரியா பாருங்க." பசறையில் இருந்து வரும், ஹாலிஎலயில் இருந்து வரும், கொழும்பில் கடையில் நிற்கும் பிள்ளையிடம் இருந்தும் வரும். எழுத்துப் பிழை பெரிதாக இருக்காது. ஆனால் முதல் வரியும் கடைசி வரியும் எல்லோரிடமும் ஒரே மாதிரி இருக்கும். இரண்டுமே தமிழ் எழுத்தில் இருக்கும் ஆங்கிலம்.

போன வருஷம் ஒரு மாணவி அனுப்பியதை, அவளின் அனுமதியோடு, பெயரை மட்டும் எடுத்துவிட்டு இங்கே போடுகிறேன். தோட்டத்துப் பிள்ளை. தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் சேர அவளுக்குப் பாடசாலை விடுகைப் பத்திரம் தேவைப்பட்டது. தான் படித்த பாடசாலைக்கு இப்படி எழுதியிருந்தாள்:

"பிரியமான ஐயா, இந்த மின்னஞ்சல் உங்களை நலமாகக் காணும் என நம்புகிறேன். உங்கள் நாள் சிறப்பாக அமையட்டும். நான் எனது விடுகைப் பத்திரம் தொடர்பாக இதனை எழுதுகிறேன். மேலதிக விபரங்கள் தேவைப்பட்டால் என்னைத் தொடர்புகொள்ளத் தயங்க வேண்டாம். உங்களிடமிருந்து கேட்க ஆவலுடன் எதிர்நோக்குகிறேன். சிறந்த வாழ்த்துகளுடன்."

ஒன்பது நாள் பதில் இல்லை. பத்தாம் நாள் அவள் போன் எடுத்தாள். கந்தோரில் இருந்தவர் கோபப்படவில்லை, உள்ளதைச் சொன்னார்: "அதுவா பிள்ள? நாள் சிறப்பாக அமையட்டும் என்று இருந்துச்சே. ஏதோ விளம்பரம் என்று நினைச்சு விட்டுட்டேன்." போனில் மின்னஞ்சல் பெட்டியைத் திறந்தால், அனுப்பியவர் பெயர், விடயம், அதன் கீழே உள்ளடக்கத்தின் முதல் வரி, அவ்வளவுதான் தெரியும். அந்த ஒரு வரியை அவள் நலம் விசாரிப்புக்குக் கொடுத்துவிட்டாள். விடயம் எழுதும் இடத்தையும் வெறுமையாக விட்டிருந்தாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இணையத்தில் கிடைக்கும் ஆங்கில மாதிரிக் கடிதத்தை எடுத்து, வரிக்கு வரி தமிழாக்கினால் இதுதான் வரும். மரியாதையாக எழுத வேண்டும் என்ற எண்ணத்தில்தான் அப்படிச் செய்தாள். அந்த மரியாதை ஏன் போய்ச் சேரவில்லை என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

ஆங்கிலத்தில் இந்த உபசார வரிகள் வேலை செய்வதற்குக் காரணம், யாரும் அவற்றை வாசிப்பதில்லை என்பதுதான். கண் அதைத் தாண்டிப் போய்விடும். வாசலில் செருப்பைக் கழற்றுவது போல ஒரு பழக்கம், அவ்வளவுதான். அதையே சொல்லுக்குச் சொல் தமிழாக்கியதும், வாசிப்பவர் அந்த இடத்தில் நின்று விடுகிறார். இதற்கு முன் கேட்காத வரி என்பதால் அதன் பொருளைப் பார்க்கிறார். பொருளைப் பார்த்தால் வினோதமாக இருக்கிறது.

"நலமாகக் காணும்" என்பதையே எடுங்கள். மின்னஞ்சலுக்குக் கண் இல்லை. அதைவிட, நம் பேச்சில் "காணும்" என்றால் "போதும்" என்று அர்த்தம். சோறு போடும்போது "காணும் காணும்" என்கிறோம். பிறகு "நம்புகிறேன்". ஆங்கிலக்காரர் ஆசையைச் சொல்லும் இடத்தில் நாம் நம்பிக்கையைச் சொல்கிறோம். "நீங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்" என்றால், யாரோ சுகமில்லை என்று சொன்னதைக் கேட்டு ஆறுதலுக்கு எழுதியது போலவும் படும்.

அந்த ஆங்கில வரிக்கும் ஒரு பழைய வரலாறு உண்டு. பழைய ரோமர்கள் லத்தீனில் கடிதம் தொடங்கும்போது, நீ நலமென்றால் நல்லது, நானும் நலம் என்ற கருத்தில் ஒரு வாக்கியம் எழுதுவார்கள். எல்லோருக்கும் பழகிய வரி என்பதால் சொற்களின் முதல் எழுத்துக்களை மட்டும் போட்டும் விட்டுவிடுவார்கள். கடிதம் போய்ச்சேரப் பல நாள் எடுக்கும் காலத்தில், பெறுபவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே ஒரு கேள்விதான்.

நம்மிடமும் அது இருந்தது, இருக்கிறது. "நலம், நலமறிய ஆவல்." இந்தத் தோட்டங்களில் இருந்து இந்தியாவுக்குக் கடுதாசி போட்ட தலைமுறைக்கு அது வெறும் உபசாரம் அல்ல. லயத்துக்குத் தபால் நேரே வராது, தோட்டத்துக் கந்தோருக்கு வந்து, அங்கிருந்துதான் கைக்கு வரும். எழுதிய கை எழுதப் பழகிய ஒருவருடையதாக இருக்கும், சொல்லியவர் பக்கத்தில் நின்றிருப்பார். "இங்கு யாவரும் நலம்" என்ற வரிக்காகவே சில கடிதங்கள் எழுதப்பட்டன. எங்கள் வீடுகளில் அரபுத் தமிழில் கடிதம் எழுதிய பெரியவர்களும் ஸலாம் சொல்லி, நலம் சொல்லி, பிறகுதான் விடயத்துக்கு வருவார்கள்.

ஆனால் கவனியுங்கள்: அந்த வரி உறவுக்காரருக்கு எழுதியது. நம் பெரியவர்கள் கந்தோருக்கு எழுதும்போது யாரும் அதிகாரியின் உடல்நலத்தை விசாரித்ததில்லை. தமிழ் அலுவலகக் கடிதத்தில் அந்த இடத்தில் வருவது வேறு. "ஐயா" என்று ஒரு விளி, அதன் கீழே கோடிட்ட தலைப்பு, பிறகு "மேற்படி விடயம் தொடர்பாக" என்று நேரே காரியம். இதில் மரியாதைக் குறைவு என்று யாரும் நினைத்ததில்லை. தமிழில் மரியாதை தனி வாக்கியமாக வரத் தேவையில்லை. "அவர்கள்" என்பதில் இருக்கிறது, "தங்கள்" என்பதில் இருக்கிறது, "தருவீர்களா" என்ற வினைமுற்றின் வாலில் இருக்கிறது. ஆங்கிலத்தில் "யூ" என்ற ஒரு சொல்தான், அதிகாரிக்கும் அதுதான், அயல்வீட்டுப் பிள்ளைக்கும் அதுதான். அதனால் அவர்கள் மரியாதையை வெளியில் இருந்து ஒரு வரியாகக் கொண்டுவந்து வைக்க வேண்டியிருக்கிறது. நமக்கு அது இலக்கணத்துக்குள்ளேயே இருக்கிறது.

அடுத்தது விளி. "பிரியமான ஐயா" என்பது ஆங்கிலத்து "டியர்". அங்கே அந்தச் சொல்லில் பிரியம் எப்போதோ வற்றிவிட்டது, வரி இலாகாவுக்கும் "டியர்" தான். தமிழில் பிரியம் இன்னும் வற்றவில்லை. முகம் தெரியாத அதிபருக்கு ஒரு இளம் பெண் "பிரியமான" என்று எழுதினால் வாசிப்பவருக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். நம் நாட்டில் "அன்பின் ஐயா" பழகிப்போய்விட்டது, அதில் தவறில்லை, கொஞ்சம் அறிமுகமானவருக்குப் பொருந்தும். அறிமுகமில்லாத இடத்துக்கு "மதிப்புக்குரிய அதிபர் அவர்களுக்கு" என்பதே போதும். இதில் இன்னொரு வசதி உண்டு. பதவியைச் சொல்லி விளித்தால் ஆணா பெண்ணா என்று தெரியாமல் "ஐயா / அம்மணி" என்று கோடு போட்டு எழுதத் தேவையில்லை. அம்மணி இருக்கும் கதிரைக்கு "ஐயா" போவது நம் ஊரில் வாரத்துக்கு ஒருமுறை நடக்கிறது. பெயர் தெரிந்தால் திரு, திருமதி, செல்வி, ஜனாப், ஜனாபா என்று அவரவர் வழக்கப்படி போடலாம். பெயர்ப் பலகையில் அவர் தன்னை எப்படி எழுதியிருக்கிறாரோ அப்படியே எழுதுவது பாதுகாப்பு.

நம் பிள்ளைகள் என்னிடம் தனியாகக் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. "டீச்சர், வணக்கம் போடலாமா?" முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள் சிலருக்கு அந்தச் சொல்லில் தயக்கம். வீட்டில் சொல்லிக் கொடுத்தது அது. மறுபக்கம், ஸலாம் போட்டால் ஹிந்து அதிபரோ சிங்கள அதிகாரியோ என்ன நினைப்பார் என்ற யோசனை. தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இதே கேள்வி தலைகீழாக வரும்: "ஹாஜியாருக்கு எழுதுறேன் டீச்சர், நான் ஸலாம் சொல்லலாமா?" இதற்காகத்தான் சிலர் "இனிய காலை வணக்கம்", "இந்த நாள் இனிய நாளாகட்டும்" என்று பொதுவாக ஏதோ ஒன்றைத் தேடிப் போய் மாட்டிக்கொள்கிறார்கள். காலை வணக்கம் எழுதிய மின்னஞ்சலைப் பெறுபவர் பின்னேரம் மூன்று மணிக்குத்தான் திறக்கிறார்.

என் பதில் எளிது. அலுவலக மின்னஞ்சலுக்கு முகமன் கட்டாயம் இல்லை. "மதிப்புக்குரிய பிரதேச செயலாளர் அவர்களுக்கு" என்ற விளியே முகமன்தான். இரண்டு பக்கமும் ஸலாம் சொல்லும் பழக்கம் உள்ளவர்கள் என்றால் ஸலாம் சொல்லித் தொடங்குங்கள், அழகாக இருக்கும். வணக்கம் சொல்லும் பழக்கம் உள்ளவர் வணக்கம் சொல்லுங்கள். நிச்சயம் இல்லாவிட்டால் இரண்டையும் விட்டுவிட்டு விளியோடு நிறுத்துங்கள். யாருக்கும் குறை தெரியாது.

இனி முடிவுக்கு வருவோம். அந்த மாணவியின் கடைசி மூன்று வரிகளில் மூன்று வேறு வேறு சிக்கல்.

"தொடர்புகொள்ளத் தயங்க வேண்டாம்." ஆங்கிலத்தில் இது பணிவு. தமிழில் ஒரு கட்டளை, அதுவும் எதிர்மறைக் கட்டளை. பத்தொன்பது வயதுப் பிள்ளை அதிபரைப் பார்த்து "தயங்காதீங்க" என்கிறாள். அதிபருக்கு என்ன தயக்கம்? சொல்ல வேண்டியது, என் தொலைபேசி இலக்கம் இது என்பது மட்டும்தான். இத்தனை வரி எழுதியும் அந்த இலக்கத்தை அவள் எழுதவில்லை.

"உங்களிடமிருந்து கேட்க ஆவலுடன் எதிர்நோக்குகிறேன்." தமிழில் "கேட்க" என்பதற்குச் செவியால் கேட்பதும் உண்டு, வாய் திறந்து கேட்பதும் உண்டு. அதிபரிடம் இன்னும் ஏதோ கேட்கப் போகிறாள் என்று படுகிறது. "எதிர்நோக்குகிறேன்" நம் பேச்சில் பெரும்பாலும் பிரச்சினையோடு வரும் சொல். கஷ்டத்தை எதிர்நோக்குவோம், வழக்கை எதிர்நோக்குவோம்.

"சிறந்த வாழ்த்துகளுடன்." வாழ்த்து தமிழில் மேலிருந்து கீழே இறங்குவது. பெரியவர் சிறியவரை வாழ்த்துவார். "வாழ்த்த வயதில்லை" என்று போஸ்டரில் அடிக்கிறார்களே, அது இதனால்தான். அல்லது பிறந்தநாள், பெருநாள், பரீட்சை வெற்றி என்று ஒரு காரணம் இருக்க வேண்டும். விடுகைப் பத்திரம் கேட்ட பிள்ளை அதிபரை வாழ்த்தி முடித்தால், எதற்கு வாழ்த்து என்று அவர் யோசிப்பார்.

இதைச் சொன்னதும் சிலர் மறுகோடிக்குப் போவார்கள். அதுவும் எனக்குத் தெரியும். தோட்டத்தில் துரைக்கு மனு எழுதிய காலத்துப் பாணி இன்னும் நம் கையில் இருக்கிறது. "சமூகத்திற்குத் தாழ்மையுடன் சமர்ப்பிக்கும் விண்ணப்பம் யாதெனில்" என்று தொடங்கி, "என் குடும்பத்தின் நிலையைக் கருத்திற்கொண்டு கருணை கூர்ந்து" என்று முடியும். துரையின் தயவைத் தவிர வேறு வழி இல்லாத காலத்தில் அந்தப் பாணிக்குக் காரணம் இருந்தது. இன்று விடுகைப் பத்திரம் கருணை அல்ல, அந்தப் பிள்ளைக்கு உரியது. 1987 இல் வந்த பதின்மூன்றாம் திருத்தத்தின்படி தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதுவதற்கும் யாரிடமும் தயவு கேட்க வேண்டியதில்லை. பணிவு வேறு, கெஞ்சுதல் வேறு. "தந்துதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்பதில் பணிவு நிறையவே இருக்கிறது.

நல்ல முடிவு வரி மூன்று விடயத்தைச் சொல்ல வேண்டும். எனக்கு என்ன வேண்டும், எந்தத் திகதிக்குள் வேண்டும், ஏன் அந்தத் திகதி. காரணம் சொன்னால் அவசரப்படுத்துவது போல இருக்காது. "உடனடியாக அனுப்பவும்" என்பதைவிட, "18 ஆம் திகதி பதிவு முடிவடைவதால்" என்பது மரியாதையாகவும் இருக்கிறது, வேகமாகவும் நடக்கிறது.

நானும் அவளும் சேர்ந்து திருத்தி, போன் பேசிய அன்றே மறுபடியும் அனுப்பியது இதுதான்:

விடயம்: பாடசாலை விடுகைப் பத்திரம் கோரல் – சேர்விலக்கத்துடன் பழைய மாணவி

மதிப்புக்குரிய அதிபர் அவர்களுக்கு,

நான் 2014 முதல் 2019 வரை தங்கள் பாடசாலையில் கல்வி கற்ற மாணவி. தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்வதற்கு எனது விடுகைப் பத்திரம் தேவைப்படுகிறது.

முழுப்பெயர், சேர்விலக்கம், சாதாரண தரப் பரீட்சைச் சுட்டெண் ஆகியவற்றைக் கீழே தந்துள்ளேன். அடையாள அட்டையின் பிரதியை இணைத்துள்ளேன்.

பயிற்சி நிலையத்தின் பதிவு ஜூலை 18 ஆம் திகதி முடிவடைகிறது. அதற்கு முன் ஒரு நாளில் பாடசாலைக்கு நேரில் வந்து பெற்றுக்கொள்ள முடியும். எந்த நாள் வரலாம் என்பதை அறியத் தந்தால் உதவியாக இருக்கும்.

நன்றி.

இங்ஙனம்,
(பெயர், தொலைபேசி இலக்கம்)

இப்போது முதல் வாக்கியத்தைப் பாருங்கள். நலம் விசாரிப்பு இருந்த இடத்தில் "நான் யார்" என்பது வந்திருக்கிறது. தமிழில் முன்பின் தெரியாத ஒருவரிடம் பேசும்போது நாம் முதலில் செய்வது அதைத்தான். கந்தோர் வாசலில் நின்று "நான் இன்னாருடைய மகள், இங்கேதான் படிச்சேன்" என்போம். அதுதான் நம் உபசாரம். போனில் தெரியும் அந்த ஒரு வரியும் இப்போது வீணாகவில்லை, பெட்டியைத் திறந்த உடனேயே இது பழைய மாணவி என்று தெரிகிறது. கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறது: எந்த நாள் வரலாம்? அதற்கு ஒரே வரியில் பதில் எழுதலாம். பதில் எழுதச் சுலபமான மின்னஞ்சலுக்குப் பதில் வரும். இரண்டாம் நாள் வந்தது: "புதன்கிழமை 10 மணிக்கு வரவும்."

"இங்ஙனம் மட்டும் பழசில்லையா டீச்சர்? தங்கள் உண்மையுள்ள என்பதும் ஆங்கிலத்தைப் பார்த்து எழுதியதுதானே?" என்று அவள் கேட்டாள். நல்ல கேள்வி. ஆம், "தங்கள் உண்மையுள்ள" என்பது ஆங்கிலக் கடிதத்தின் நிழல்தான். ஆனால் பல தலைமுறையாக எழுதி எழுதி, அதை இன்று யாரும் நின்று வாசிப்பதில்லை. கண் தாண்டிப் போகிறது. உபசார வரிக்கு வேண்டிய தகுதி அவ்வளவுதான். எங்கிருந்து வந்தது என்பதை வைத்து நான் ஒரு வரியைத் தள்ளுவதில்லை. வாசிப்பவரை வழியில் மறிக்கிறதா என்பதைத்தான் பார்க்கிறேன். "இங்ஙனம்", "இப்படிக்கு", "தங்கள் உண்மையுள்ள" மூன்றில் எதையும் எழுதுங்கள், ஒன்று போதும். மூன்றையும் அடுக்க வேண்டாம்.

சில எல்லைகளையும் சொல்லிவிடுகிறேன்.

பரீட்சையில் கடிதம் எழுதச் சொன்னால், வகுப்பில் படித்த அமைப்பிலேயே எழுதுங்கள். முகவரி, திகதி, விளி, தலைப்பு, முடிப்பு என்று அமைப்புக்கும் புள்ளி உண்டு. இந்தப் பதிவைக் காட்டிப் புள்ளி கேட்க முடியாது.

நம் மாவட்டத்தில் பல கந்தோர்களில் தமிழ் மின்னஞ்சலைத் திறப்பவர் சிங்களம் பேசுபவராக இருப்பார். தமிழ் தெரிந்த உத்தியோகத்தரிடம் கொடுத்து என்னவென்று கேட்பார். இவர் வாயால் மொழிபெயர்த்துச் சொல்வார். "மின்னஞ்சல் உங்களை நலமாகக் காணும்" என்பதைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வது? நேரான வாக்கியம் என்றால் ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிடுவார்.

இன்னொன்று, எழுத்துரு. பாமினியில் தட்டச்சு செய்த கடிதத்தை அப்படியே மின்னஞ்சலில் ஒட்டினால், பெறுபவருக்கு "வணக்கம்" என்பது tzf;fk; என்று தெரியும். எவ்வளவு அழகாகத் தொடங்கினாலும் முதல் வரி இப்படி இருந்தால் குப்பைக்குத்தான் போகும். மின்னஞ்சல் உள்ளடக்கத்தை யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். போனில் தமிழ் விசைப்பலகையில் எழுதினால் அது யூனிகோட்தான்.

எனக்கு ஒரு சோதனை உண்டு, பிள்ளைகளுக்கும் அதைத்தான் சொல்கிறேன். அனுப்பும் முன் முதல் வரியையும் கடைசி வரியையும் சத்தமாக வாசியுங்கள். அதே ஆள் முன்னால், கந்தோர் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, அந்த வரியைச் சொல்வீர்களா? "ஐயா, நான் இங்கே படிச்ச பிள்ளை" என்று சொல்வீர்கள். "எந்த நாள் வரலாம்?" என்று கேட்பீர்கள். "உங்களிடமிருந்து கேட்க ஆவலுடன் எதிர்நோக்குகிறேன்" என்று எவரும் மேசைக்கு முன்னால் நின்று சொல்ல மாட்டார்கள். சொல்ல மாட்டாத வரியை எழுதாதீர்கள்.

உங்களிடம் அனுப்புவதற்கு எழுதி வைத்த மின்னஞ்சல் ஏதாவது இருந்தால், பெயரையும் இலக்கத்தையும் எடுத்துவிட்டு அதன் முதல் வரியை மட்டும் கீழே போடுங்கள். சேர்ந்து பார்ப்போம்.